மச்சினன் கையில் மைக்

அக்காவையோ தங்கையையோ கட்டிக்கொண்டவரை நாலு நிமிடப் பேச்சில் வீட்டு ஆளாக்குவது எப்படி?

தமிழ்க் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதைக்கு அளவே இல்லை. வந்து இறங்கினால் ஆரத்தி. உட்கார நல்ல நாற்காலி. சாப்பிட முதல் பந்தி. மாமியார் அவருக்கு எதிரே உட்காரத் தயங்குவார். மாமனாரோ மழையையும் ரயில் நேரத்தையும் தாண்டி அவரிடம் எதுவும் பேசமாட்டார். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆன பிறகும் ‘மாப்பிள்ளை வந்திருக்கார்’ என்ற குரல் கேட்டதும் அடுப்பில் இன்னொரு பாத்திரம் ஏறும். இதெல்லாம் அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் இந்த அன்பு அவரைக் கடைசிவரை விருந்தாளியாகவே வைத்திருக்கும் அன்பு. அந்த வீட்டில் அவரைக் கிண்டல் செய்யும் உரிமை பெண்ணின் கூடப்பிறந்தவர்களுக்கு மட்டும்தான் உண்டு.

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் கேலி உறவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்யாணம் இரண்டு குடும்பங்களைச் சேர்த்து வைக்கிறது, ஆனால் சேர்ந்த பிறகும் அவை இரண்டு குடும்பங்கள்தான், அவற்றின் நலன்கள் உரசிக்கொண்டுதான் இருக்கும் என்கிறார் அவர். உரசல் சண்டையாகாமல் காக்க இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, ஒருவரையொருவர் நெருங்கவிடாத அளவுக்கு மரியாதை. மற்றது, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாத கேலி. மனைவியின் பெற்றோரிடம் முதலாவது, மனைவியின் கூடப்பிறந்தவர்களிடம் இரண்டாவது. உலகின் பல மூலைகளிலிருந்து அவர் எடுத்துக்காட்டுகளைத் திரட்டினார். படித்தால் ஏதோ உசிலம்பட்டிக் கல்யாண வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியதுபோல் இருக்கிறது.

வரவேற்பு மேடையில் மச்சினன் பேசுகிற பேச்சு, இந்தக் கேலி உரிமையை அவன் முதன்முதலாக ஊரறியப் பயன்படுத்துகிற இடம். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் கூடினால் ‘வாய் நீளம்’ என்று பெயர் வரும். குறைந்தால் இன்னொரு வாழ்த்துரை ஆகிவிடும். கல்யாண வரவேற்புகளில் தொகுப்பாளராக நிற்கும் பழக்கம் எனக்கு உண்டு. அங்கே சமீப வருடங்களாக மைக் அதிகம் கைமாறுவது மச்சினன்களிடம்தான். அவர்களில் பாதிப் பேர் பேசத் தெரியாமல் சொதப்புவதில்லை, எதைப் பேசுவது என்று தெரியாமல்தான் சொதப்புகிறார்கள்.

கையால் செய்த வரவேற்பு

அந்தக் காலத்து அண்ணன் தம்பிகள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கான வேலை சடங்கிலேயே இருந்தது. ஓமம் வளர்க்கும் கல்யாணங்களில் அக்காவின் கையில் பொரியை அள்ளிக் கொடுப்பவன் தம்பி. யாழ்ப்பாணத்துக் கல்யாணத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்து வருவான், மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் உள்ள திருக்கல்யாணச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தங்கையின் கையைச் சிவனிடம் கொடுத்து நீர் வார்ப்பவர் பெருமாள். அண்ணனின் வரவேற்பு முழுவதும் கையிலேயே முடிந்துவிட்டது.

பேச்சு தமிழ்க் கல்யாணத்துக்குப் புதிதல்ல. சுயமரியாதைத் திருமணங்களில் வாழ்த்துரைகள்தான் நிகழ்ச்சியே. அந்தத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்புத் தரும் திருத்தம் 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறியது. ஆனால் அங்கே பேசுகிறவர் தலைமை தாங்க வந்த பெரியவர். தம்பி பந்தியில் வாளி தூக்கிக்கொண்டிருப்பான்.

ஆகவே மைக்கைக் கையில் வாங்கும் மச்சினனுக்கு முன்மாதிரி என்று யாரும் இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா. அங்கே அண்ணன்கள் இரண்டே வகை. ‘பாசமலர்’ (1961) வகை அண்ணன் தங்கைக்காக உருகி அழுவார். ‘கிழக்குச் சீமையிலே’ (1993) வகையில் அண்ணனுக்கும் தங்கை புருஷனுக்கும் ஆகாமல் ஊரே இரண்டுபடும். மேடையேறும் பையன் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறான். ஒன்று தொண்டை அடைத்துப்போய் நிற்பான். இல்லையென்றால் ‘எங்கக்கா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்தா...’ என்று ஆரம்பிப்பான். இந்த இரண்டாவது ரகத்துக்குக் கூட்டம் விசிலடிக்கும். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சிரிக்கமாட்டார். தன் மண்டபத்தில், தன் செலவில் நடக்கிற விருந்தில், தன் மகன் மிரட்டப்படுவதை எந்தத் தகப்பன் ரசிப்பார்?

ஒரு தம்பியும் ஒரு பேச்சும்

மதுரைக்காரத் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். பெயர் வேண்டாம். அக்காவுக்கு மூன்று வயது இளையவர். முகூர்த்தம் மதுரையில், மறுநாள் மாலை வரவேற்பு மாப்பிள்ளையின் ஊரான தூத்துக்குடியில். ‘நீயே ரெண்டு வார்த்தை பேசிரு’ என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார். தம்பி ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். ‘அன்பும் பண்பும் நிறைந்த எங்கள் அத்தான் அவர்களே’ என்று தொடங்கிய அந்தப் பேச்சில் மாப்பிள்ளையின் பெயரை மாற்றிவிட்டால் வேறு எந்தக் கல்யாணத்திலும் அப்படியே படிக்கலாம்.

தாளை ஓரமாக வைத்துவிட்டு அவரிடம் மூன்று விஷயம் கேட்டேன். மாப்பிள்ளையும் நீங்களும் தனியாக இருந்த நேரம் எது? யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து அவர் செய்த ஒரு காரியம் என்ன? உங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லத் துணியாத வேலை எது?

முதல் கேள்விக்குப் பதில் உடனே வந்தது. நிச்சயப் பட்டு எடுக்க விளக்குத்தூண் பக்கம் போயிருந்தபோது, பெண்கள் கடைக்குள் இருக்க, இவர்கள் இருவரும் வெளியே ஜிகர்தண்டா குடித்திருக்கிறார்கள். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்தார், பிறகு தானே சிரித்துவிட்டு வெண்டைக்காய்க் கதையைச் சொன்னார். மூன்றாவது கேள்விக்குப் பதில் மோட்டார். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது, எழுதுவதுதான் மிச்சம்.

இன்னொரு சிக்கல் இருந்தது. மதுரையில் அவர்கள் வீட்டுப் பழக்கப்படி அக்கா புருஷன் ‘மாமா’. மாப்பிள்ளையின் அப்பாவும் ‘மாமா’. ஒரே மேடையில் இரண்டு மாமாக்கள் இருந்தால் எந்த மாமாவைச் சொல்கிறான் என்று கூட்டம் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி ‘அத்தான்’ என்றே வைத்துக்கொண்டோம். அவர்கள் மண்டபத்தில் அவர்கள் முறைப்படி கூப்பிடுவதில் ஒரு நயமும் உண்டு.

கடைசியில் மேடையில் பேசியது இது:

“எல்லாருக்கும் வணக்கம். நான் பொண்ணோட தம்பி. எங்கப்பாதான் பேசியிருக்கணும். மைக்கப் பாத்ததும் அவருக்குப் பந்தியக் கவனிக்கிற வேலை ஞாபகம் வந்திருச்சு. ‘அப்பா, இன்னிக்குப் பந்தி அவங்களோடது’ன்னு சொல்லிப் பாத்தேன், நிக்கல.

“எங்க ஊர்ல ஒரு அண்ணன் இருக்காரு, அழகர். தங்கச்சி கல்யாணத்துக்குக் கெளம்பி வந்தவரு, வர்றதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சுபோச்சுன்னு கேள்விப்பட்டு, கோவிச்சுக்கிட்டு வண்டியூருக்குப் போயிட்டாரு. பொண்ணோட கூடப்பொறந்தவன் கோவிச்சுக்கிட்டா என்ன ஆகும்னு நாங்க வருசா வருசம் சித்திரையில பாக்கறோம். அதனால நான் முந்தாநாள் ராத்திரியே மண்டபத்துக்கு வந்துட்டேன். வந்ததும் வாழைமரம் கட்டச் சொன்னாங்க. அது முடிஞ்சா ஜமுக்காளம் விரிக்கச் சொன்னாங்க. அழகர் ஏன் லேட்டா வந்தாருன்னு அப்பத்தான் புரிஞ்சது.

“அத்தானோட நான் முதமுதல்ல பேசினது நிச்சயப் பட்டு எடுக்கப் போனப்ப. ரெண்டு வீட்டுப் பொம்பளைங்களும் உள்ள சேலை பாக்கறாங்க. நாங்க ரெண்டு பேரும் வெளிய ஜிகர்தண்டா குடிக்கிறோம். முதல் கிளாஸ் முடியற வரைக்கும் பேச்சே இல்ல. ரெண்டாவது கிளாஸ்ல மெதுவாக் கேட்டாரு, ‘உங்க அக்காவுக்கு எது பிடிக்காது?’ எல்லாரும் பிடிச்சது என்னன்னு கேப்பாங்க. இவரு பிடிக்காததக் கேட்டாரு. நானும் வெளையாட்டா, ‘சாப்பாட்டுல வெண்டைக்காய், ஆளுங்கள்ல நான்’னு சொன்னேன். போனை எடுத்து எழுதிக்கிட்டாரு. எட்டிப் பாத்தேன். ஒண்ணு, வெண்டைக்காய். ரெண்டு, தம்பி.

“நிச்சயத்தன்னிக்குப் பந்தி. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க. வெண்டைக்காய்ப் பொரியல் வாளி வருது. அக்கா இலைக்கு வர்றதுக்கு முன்னாடி அத்தான் கையக் காட்டி, ‘அதையும் எனக்கே வச்சிருங்க’ன்னாரு. மொத்தத்தையும் சாப்பிட்டு முடிச்சாரு. நேத்துதான் அத்தை சொன்னாங்க, இவரு சின்ன வயசுலருந்தே வெண்டைக்காயத் தொட மாட்டாராம்.

“அன்னிக்கே எங்களுக்கு நிம்மதி வந்துருச்சு. எனக்கு மட்டும் ஒரு பயம். லிஸ்ட்ல ஒண்ணாவத இப்படி முழுங்கினவரு, ரெண்டாவத என்ன பண்ணப்போறாரோ!

“அத்தான், எங்க வீட்டுல உங்களுக்கு மரியாதை கொறையாது. நீங்க எப்ப வந்தாலும் எங்கம்மா நாற்காலியத் தொடச்சுத்தான் போடுவாங்க. ஆனா எங்க தெருவுல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள், காலைல நாலரைக்கு வரும். எழுந்திரிச்சு மோட்டார் போடறது ஒருதரம் நான், ஒருதரம் அக்கா. அக்காவோட முறைய இனிமே நீங்க பாத்துக்கணும். மாப்பிள்ளைக்கு யாரும் இந்த வேலைய சொல்ல மாட்டாங்க. எங்க வீட்டு ஆளுக்குச் சொல்லலாம்ல?

“அத்தை, மாமா, எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துப் பத்தாவது பாஸ் பண்ண வச்சது எங்கக்கா. அவ இனி உங்க வீட்டுல இருப்பா. நாங்க அடிக்கடி வருவோம். பஸ்ஸுல ஏறினா மூணு மணி நேரந்தான். வெண்டைக்காய் தவிர எது வேணும்னாலும் போடுங்க, சாப்பிடறோம். எல்லாருக்கும் நன்றி.”

எது வெளியே போனது

இந்தப் பேச்சில் யார்மேல் கேலி விழுகிறது என்று பாருங்கள். முதலில் அப்பாமேல், லேசாக. பிறகு தம்பிமேல். பட்டியலில் இரண்டாவது பெயர் தம்பியுடையது. மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லப்பட்டது முழுவதும், கேட்டால் அவருக்கே பெருமையாக இருக்கும் சங்கதி. அவரைக் கிண்டல் செய்த மாதிரியும் இருக்கிறது, புகழ்ந்த மாதிரியும் இருக்கிறது. ‘நல்லவர், வல்லவர்’ என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை. வாளி வந்தபோது கையைக் காட்டினார் என்றால் போதும், நல்லவர் என்பதைக் கூட்டம் தானே சொல்லிக்கொள்ளும்.

தம்பி முதலில் எழுதியிருந்ததில் அக்காவைப் பற்றி நிறைய நகைச்சுவை இருந்தது. எங்க வீட்டு ராட்சசி, காபி மட்டும்தான் போடத் தெரியும், காலையில் எழுப்ப ஆள் வேண்டும், இனிமேல் உங்க பாடு என்றெல்லாம். தமிழ்நாட்டில் ஓடுகிற மச்சினன் பேச்சுகளில் பாதி இதுதான். நான் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இந்த வரிகளுக்கு ஐந்நூறு பேர் ஒருதரம் சிரிப்பார்கள். ஒரே ஒருவர் மட்டும் சிரித்துவிட்டு ஞாபகத்தில் வைத்துக்கொள்வார். ஆறு மாதம் கழித்து ஒரு காலை, பால் பொங்கி வழிந்ததும், ‘உன் தம்பிதான் அன்னிக்கே மேடையிலேயே சொன்னானே’ என்ற பேச்சு வரும். வீட்டுக்குள் தம்பி அக்காவைக் கிண்டல் செய்வது வேறு. மாமியார் முன்னிலையில் மைக்கில் சொல்வது சாட்சி சொல்வதற்குச் சமம்.

மாப்பிள்ளை இதற்குமுன் இரண்டு மூன்று இடத்தில் பெண் பார்த்த கதையும் தாளில் இருந்தது. அதுவும் போயிற்று. நகை, சீர் பற்றிய வரியும் போயிற்று. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எத்தனை பவுன் என்ற நகைச்சுவைக்குச் சிரிக்கும் கூட்டத்தில், அந்தப் பவுனுக்குக் கடன் வாங்கிய தகப்பனும் உட்கார்ந்திருப்பார். உடம்பு, வழுக்கை, நிறம், சம்பளம் பற்றியெல்லாம் நான் சொல்லவே தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மண்டபங்களில் கேட்பதைப் பார்த்தால் சொல்லத்தான் வேண்டும்போல.

பிறகு, நன்றிப் பட்டியல். ‘வருகை தந்திருக்கும் எங்கள் பெரியப்பா அவர்களே, வார்டு கவுன்சிலர் அவர்களே’ என்று ஒரு பத்தி இருந்தது. அது தொகுப்பாளர் வேலை. மச்சினன் அதைப் படிக்க ஆரம்பித்தால் ஒரு பெயர் விட்டுப்போகும். விட்டுப்போனவர் சாப்பிடாமல் கிளம்புவார்.

எந்தக் கிண்டலை வைப்பது, எதை விடுவது என்று தடுமாறுகிறவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். மறுநாள் மாப்பிள்ளை தன் அலுவலகத்தில் போய் அந்தக் கதையைத் தானே சிரித்துக்கொண்டு சொல்வாரா? வெண்டைக்காய்க் கதையைச் சொல்வார். பெண் பார்த்த கதையைச் சொல்லமாட்டார். அப்படியும் இந்தத் தம்பி, போனில் எழுதிய பட்டியலைப் பற்றிப் பேசலாமா என்று மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். மோட்டார் விஷயத்தை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தார்.

பேசுகிறவர் அண்ணனாக இருந்தால் கணக்கு மாறும். தங்கையின் கணவரை அவர் ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். அவர் பேச்சில் தகப்பனின் தோரணை பாதி கலந்திருக்கும். தம்பிக்கு உள்ள துடுக்கு அவருக்குப் பொருந்தாது. அவர் தன்னையே கிண்டல் செய்துகொள்ளலாம். தங்கைக்கு மாப்பிள்ளை தேடி அலைந்த கதை அதற்கு நன்றாக உதவும். தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன் பேசினால் தகப்பன் பெயரை ஒருதரம், பேச்சின் முதல் பாதியில், சாதாரணமாகச் சொல்லிவிட வேண்டும். கடைசிக்கு வைத்தால் மேடையில் யாருக்கும் குரல் வராது.

எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள்

நல்ல பேச்சு கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் மண்டபம்தான். நம் வரவேற்பு மேடையின் அமைப்பு பேச்சுக்கானது அல்ல. ஒருபக்கம் மெல்லிசைக் குழு. மறுபக்கம் மொய்க் கவரோடு நீளும் வரிசை. கீழே பாதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பார்கள். போட்டோ வரிசை ஒருமுறை நகரத் தொடங்கிவிட்டால் அதை யாராலும் நிறுத்த முடியாது. ஆகவே பேச்சுக்கு ஒரே நேரம்தான் உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறி நின்ற அந்த முதல் பத்து நிமிடம், முதல் கவர் மேடைக்கு வருமுன். தூத்துக்குடியில் அதை மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் சொல்லி ஏற்பாடு செய்தோம். அவர் வரிசையின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டார். அவரைத் தாண்டி யாரும் ஏறவில்லை.

அடுத்தது ஒலி. பாட்டுக்காக மைக்கில் எக்கோ ஏற்றி வைத்திருப்பார்கள். பாடகருக்கு அது அழகு. பேசுகிறவருக்கு ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையில் ஏறும், பின்வரிசைக்கு ஒன்றும் விளங்காது. மேடையேறுமுன் மைக் செட்காரரிடம் ‘பேச்சுண்ணே, எக்கோவை எடுத்துருங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கீபோர்டு வாசிப்பவரிடமும் சொல்லிவைக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் பின்னால் அவர் ஒரு ‘டொய்ங்’ வைப்பார். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நடக்கக் கூடாது, கீச்சென்று கத்தும்.

நீளம் நாலு நிமிடம். நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் வரும். சிரிப்புக்கு இடம் விட்டால் இன்னும் குறையும். தம்பி முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது ஆறு நிமிடத்தைத் தொட்டது. சின்ன வயதில் சைக்கிளில் விழுந்த கதை ஒன்று இருந்தது, நல்ல கதை. ஆனால் அதில் மாப்பிள்ளை இல்லை. அக்காவும் தம்பியும் மட்டுமே இருக்கும் கதைகள் இந்தப் பேச்சில் மாப்பிள்ளையை வெளியே நிறுத்திவிடும். அதை எடுத்தோம்.

தாளைப் பார்த்துப் படிக்க வேண்டாம், மனப்பாடமும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மனப்பாடம் செய்தவன் ஒரு சொல் தவறினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பான். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஐந்து சொற்களைப் பெரிதாக எழுதிக்கொண்டார்: பந்தி, அழகர், ஜிகர்தண்டா, வாளி, மோட்டார். ஒவ்வொன்றும் ஒரு கதை. கதை தெரிந்தவனுக்குச் சொல் தானாக வரும்.

குரல் உடைகிற இடம் எது என்பதும் முன்பே தெரிந்திருந்தது. கணக்குச் சொல்லிக்கொடுத்த வரி. அந்த இடத்தில் அக்காவைப் பார்க்கவே கூடாது, மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அந்த வரி அவர்களுக்குச் சொல்லவேண்டியதும்கூட.

அன்று மாலை அழகர் கதைக்கு முதலில் சிரித்தது மதுரையிலிருந்து வேனில் வந்த கூட்டம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு நொடி தாமதித்துச் சேர்ந்துகொண்டது. வாளி வந்ததும் மாப்பிள்ளை கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ‘வெண்டைக்காயத் தொட மாட்டாராம்’ என்று தம்பி முடித்ததும், முன்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா சத்தமாக ‘இப்பவும் தொட மாட்டான்!’ என்றார். மாலையின் பெரிய சிரிப்பு அதற்குத்தான். எழுதி வைத்ததில் அந்த வரி இல்லை. தம்பி அவசரப்படாமல் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பழகாதவர்கள் இங்கேதான் சிரிப்பின்மேல் ஏறிப் பேசி அடுத்த வரியைத் தொலைப்பார்கள்.

லண்டனிலும் டொராண்டோவிலும்

இங்கிலாந்துக் கல்யாண விருந்தில் பேசுகிறவர்களுக்கு ஒரு பழைய வரிசை உண்டு. பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தோழன். பெண்ணின் சகோதரனுக்கு அதில் தனி இடமில்லை, அப்பாவுக்குப் பதிலாக எழுந்தால்தான் உண்டு. அங்கே வாழும் ஈழத்தமிழர் வீடுகளில் இரண்டு மரபும் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. காலையில் தோழனாக மாப்பிள்ளையின் காலைக் கழுவியவனே மாலையில் கோட் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடிக்கிறான். பேசுவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? காலையில் கழுவிய காலைப் பற்றியே ஆரம்பிக்கலாம். வாங்கிய மோதிரம் விரலுக்குப் பெரிது என்று சொல்லலாம்.

அங்கே தொல்லை மொழியில். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது, மாப்பிள்ளையின் வேலையிடத்து நண்பர்களுக்குத் தமிழ் விளங்காது. ஒவ்வொரு வரியையும் இரண்டு மொழியில் சொல்கிறவன் ஒவ்வொரு நகைச்சுவையையும் இரண்டுதரம் விளக்குகிறான், இரண்டாவது தரம் யாரும் சிரிப்பதில்லை. கதையை மண்டபத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்த மொழியில் முழுதாகச் சொல்லிவிட்டு, பெரியவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை மட்டும் தமிழில் சொல்வதே நல்லது. மாப்பிள்ளை வேற்று மொழிக்காரர் என்றால் அவர் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டு சொல்லலாம். உச்சரிப்புத் தப்பினால் இன்னும் நல்லது, கேலி பேசுகிறவன்மேல் திரும்பும்.

இந்த உறவு அந்த மாலையோடு முடிவதில்லை. பிள்ளை பிறந்தால் மச்சினன் தாய்மாமன். காது குத்தும்போது பிள்ளை உட்காரப்போவது அவன் மடியில். சீர் வரிசையில் முதலில் நிற்கப்போவதும் அவன். அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இடையே வரப்போகிற ஒவ்வொரு மனத்தாங்கலிலும் ‘மச்சானைக் கூப்பிட்டுப் பேசு’ என்றுதான் சொல்லப்போகிறார்கள். மேடையில் மாப்பிள்ளையைச் சிரிக்க வைத்தவனுக்கு அந்த நாட்களில் போனை எடுத்துப் பேசுவது எளிது.

உங்கள் வீட்டில் தைக்குக் கல்யாணம் வைத்திருக்கிறீர்களா? பேச்சை எழுத இப்போதே உட்கார வேண்டாம். வரப்போகும் அத்தானை, பெரியவர்கள் யாரும் இல்லாமல், ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போங்கள். அவர் பேசட்டும், நீங்கள் கவனியுங்கள். கல்யாண வேலை பார்க்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: போட்டோ வரிசையை ஐந்து நிமிடம் நிறுத்திவையுங்கள், பையன் பேசி முடிக்கட்டும்.